எலுமிச்சம்பழம் கீழே விழுந்தால்? விளையாட்டு நாள் தன்னார்வலர்களுக்கு எழுத வேண்டிய குறிப்பு

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பொங்கலை ஒட்டிச் சிறுவர் விளையாட்டு நாள் நடத்துகிறோம். சுமார் 60 குழந்தைகள், 12 தன்னார்வலர்கள். போன வருடம் லெமன் ஸ்பூன் போட்டியில் ஆளுக்கொரு விதி சொல்லி, பெற்றோர் சண்டை போட்டுக்கொண்டார்கள். இந்த முறை தன்னார்வலர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

பதில்: ஒவ்வொரு போட்டிக்கும் மூன்று செய்திகளை மட்டும் எழுதுங்கள்: எப்படித் தொடங்குகிறது, பிசகினால் என்ன செய்வது, யார் வென்றவர். பெரும்பாலான குறிப்புகளில் முதலாவதும் மூன்றாவதும் இருக்கும். நடுவில் உள்ளது இருக்காது. பழம் விழுவதும், சாக்குக்குள் கால் சிக்குவதும், விசிலுக்கு முன்பே ஒரு பிள்ளை ஓடிவிடுவதும் எந்த ஊரிலும் நடப்பவை. அந்த நேரத்தில் ஒரு தன்னார்வலர் "நீ அவுட்" என்றும், அடுத்த சுற்றில் இன்னொருவர் "பரவாயில்லை, எடுத்து வைத்துக்கொண்டு ஓடு" என்றும் சொன்னால், முதல் குழந்தைக்கு அநியாயம் நடந்துவிட்டது என்பதே உண்மை. பெற்றோரின் கோபமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உங்களுக்குச் சிக்கலான போட்டியையே எடுத்துக்கொள்வோம். குறிப்பில் அதை இப்படி எழுதலாம்:

"எலுமிச்சைக் கரண்டி ஓட்டம். 3 முதல் 5ஆம் வகுப்பு வரை. தூரம் 15 மீட்டர். கரண்டியின் காம்பை ஒரு கையால் பிடிக்க வேண்டும். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பழம் விழுந்தால், விழுந்த இடத்திலேயே நின்று, கையால் எடுத்துக் கரண்டியில் வைத்துவிட்டு அங்கிருந்து தொடரலாம். எத்தனை முறை விழுந்தாலும் இதே விதி. பழம் உருண்டு போனால், அதை எடுத்துக்கொண்டு விழுந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். விரலால் பழத்தை அழுத்திப் பிடித்திருந்தால், ஒரு முறை சொல்லி, விரலை எடுக்கச் செய்து ஓடவிடுங்கள். கோட்டைத் தாண்டும்போது பழம் கரண்டியில் இருக்க வேண்டும்."

கரண்டியை வாயில் கடித்துக்கொண்டு ஓடுவதுதான் பல இடங்களில் வழக்கம். அதை நான் பரிந்துரைப்பதில்லை. உலோகக் கரண்டியுடன் குழந்தை குப்புற விழுந்தால் வாயின் உட்புறம் காயப்படும். ஒரே கரண்டி அடுத்தடுத்த வாய்களுக்குப் போவதும் நல்லதல்ல. விழுந்த பழத்தை எடுக்க அனுமதிப்பதற்கும் காரணம் உண்டு. "விழுந்தால் அவுட்" என்று வைத்தால், முதல் 3 மீட்டரிலேயே பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். காலையிலிருந்து காத்திருந்த குழந்தைக்கு நான்கு எட்டுதான் கிடைத்திருக்கும்.

அந்தப் பிரிவில் 18 குழந்தைகள் இருந்தால், ஆறு ஆறு பேராக மூன்று சுற்று ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் முதல் இருவரை எடுத்து, ஆறு பேரை இறுதிச் சுற்றில் ஓடவிடலாம். பிரிவுகளை உயரம் பார்த்துப் பிரிக்காதீர்கள். வகுப்பை வைத்துப் பிரித்தால் யாரும் மறுத்துப் பேச இடமில்லை.

முடிவுக்கோட்டில் ஒருவரை மட்டும் நிறுத்துவது அடுத்த பிழை. மூன்று பிள்ளைகள் நெருக்கமாக வரும்போது ஒரே ஆளால் மூன்று இடங்களையும் பார்க்க முடியாது. மூன்று தன்னார்வலர்கள் கோட்டின் நீட்சியில், பக்கவாட்டில் நிற்கட்டும். ஒருவர் முதலில் வருபவரை மட்டும், அடுத்தவர் இரண்டாவதை மட்டும், மற்றவர் மூன்றாவதை மட்டும் பார்த்து, அந்தக் குழந்தையின் தோளைத் தொட்டு அழைத்துப்போய் வரிசையாக உட்கார வைக்கட்டும். கையோ காலோ முன்னால் நீண்டிருப்பதைக் கணக்கில் எடுக்காமல், மார்பு கோட்டைத் தாண்டியதையே பார்க்கச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் இருவருக்கும் அதே இடத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு பரிசு கூடுதலாக வாங்கி வைத்திருந்தால் போதும். தன்னுடைய பிள்ளையோ தம்பி தங்கையோ ஓடும் சுற்றில் அந்தத் தன்னார்வலர் கோட்டில் நிற்கக் கூடாது என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள். அவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனாலும் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வர இடம் வைக்க வேண்டாம்.

கோடு போடுவதற்குச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். சாக்கு ஓட்டத்தில் குழந்தைகள் அந்தக் கோட்டின் மேலேயே விழுவார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். கோலமாவு போதும். கோட்டுக்கு அப்பால் குறைந்தது 5 மீட்டர் வெற்றிடம் இருக்கட்டும், ஏனென்றால் வேகமாக வரும் பிள்ளை கோட்டிலேயே நிற்காது. சாக்கு ஓட்டத்தை மண் தரையில் மட்டும் நடத்துங்கள். குழந்தையின் இடுப்பு வரை வரும் சாக்கே சரி. மார்பு வரை வந்தால், விழும்போது கையை ஊன்ற முடியாமல் முகம் தரையில் மோதும். பெரிய சாக்கின் வாயை வெளிப்புறமாக மடித்துவிட்டாலே அளவு சரியாகிவிடும்.

கயிறு இழுத்தல் இருந்தால், கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் தன்னார்வலர் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே விசில் ஊத வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் இளக்கம் காட்டாதீர்கள். விரல் முறியும் ஆபத்து அதில் இருக்கிறது.

விளையாட்டு நாளின் மனநிலை என்று நீங்கள் எழுத நினைப்பதை, இசை நாற்காலியை வைத்துச் சொல்லலாம். 12 குழந்தைகள், 11 நாற்காலிகள் என்று தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்தால் 11 சுற்றுகள் ஆகும். சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் என்று கொண்டாலும், முதலில் வெளியேறும் பிள்ளை கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது கூட்டத்திலேயே சிறிய பிள்ளையாகவோ, இடித்துத் தள்ளத் தெரியாத பிள்ளையாகவோ இருக்கும். ஆகவே ஆறு பேர் மிஞ்சும் வரை சுற்றுக்கு இரண்டு நாற்காலிகளாகக் குறையுங்கள். வெளியே வந்தவர்களை அழைத்து, அடுத்த முறை பாட்டை எப்போது நிறுத்துவது என்று அவர்களையே கைகாட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஆடுபவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது மட்டும் விதி. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு நாற்காலியே வேண்டாம். பாயை விரித்து, பாட்டு நின்றதும் எல்லோரும் பாயில் ஏறச் சொல்லி, சுற்றுக்குச் சுற்று பாயை மடித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், யாரும் வெளியேற வேண்டியதில்லை.

தோற்று அழும் பிள்ளையிடம் "இதுக்குப் போய் அழலாமா?" என்று கேட்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். அதன் உயரத்துக்குக் குனிந்து, தண்ணீர் கொடுத்து, அடுத்த போட்டி எங்கே, எப்போது என்று சொன்னால் போதும். விசிலுக்கு முன்பே ஓடிவிட்ட பிள்ளையைக் கண்டிக்காமல், எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி தொடங்குங்கள். கடைசியாக வரும் பிள்ளை கோட்டைத் தாண்டும் வரை அடுத்த சுற்றைக் கூப்பிடாதீர்கள்.

பெற்றோர் ஆட்சேபித்தால் தன்னார்வலர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "அங்கே மேசையில் இருப்பவரிடம் சொல்லுங்கள்" என்பது மட்டுமே அவருடைய பதிலாக இருக்கட்டும். மேசையில் நீங்கள் ஒருவர் மட்டும், அதே குறிப்பின் பிரதியுடன் இருங்கள். தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாக 12 பேரையும் மைதானத்துக்கு வரவழைத்து, அவர்களையே ஒரு முறை கரண்டியோடு ஓடச் சொல்லுங்கள். பழம் விழும், என்ன செய்வது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள். குறிப்பில் விடுபட்ட வரி எது என்று அப்போதே தெரிந்துவிடும். அதைப் பேனாவால் எல்லாப் பிரதிகளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.