புத்தகக் கண்காட்சிக் கால விலைக்கழிவு: சிறுவர் பொதிகளில் எதை எடுப்பது?

கேள்வி: துணுக்காய்ப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பு மூலை தொடங்க 15,000 ரூபா சேர்த்திருக்கிறோம். 26 பிள்ளைகள் வருவார்கள், முன்பள்ளி முதல் தரம் 5 வரை. தரம் 3 முதல் 5 வரையான பொதியில் மூன்று புத்தகங்கள் ஏற்கெனவே எங்களிடம் உண்டு. மூன்று பொதியிலும் இரண்டிரண்டு எடுக்கக் காசு காணாது. எதை விடுவது?

முதலில் இந்தப் பருவத்து விலைகள். செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சி, ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் 31 வரை எங்கள் சிறுவர் நூல்கள் எல்லாவற்றுக்கும் விலைக்கழிவு உண்டு. தனிப் புத்தகத்துக்கு 15 வீதம், பொதிக்கு 25 வீதம். முன்பள்ளிப் பொதியில் 280 ரூபாப் புத்தகங்கள் பத்து இருக்கின்றன, கழிவு போக 2,100 ரூபா. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளுக்கான பொதியில் 350 ரூபாப் புத்தகங்கள் பன்னிரண்டு, 3,150 ரூபா. சரளமாக வாசிப்பவர்களுக்கான பொதியில் 480 ரூபாப் புத்தகங்கள் பத்து, 3,600 ரூபா. நீங்கள் தரம் 3 முதல் 5 வரையானது என்று சொல்வது இந்தக் கடைசிப் பொதியைத்தான்.

பொதி எப்போதும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். பொதியில் இரண்டு புத்தகமோ அதற்கு மேலோ உங்களிடம் இருந்தால், அல்லது உங்களுக்குத் தேவைப்படாவிட்டால், மிச்சத்தைத் தனித்தனியாக வாங்குவதே இலாபம். ஒன்று மட்டும் இருந்தால் பொதிதான் மலிவு. உங்களிடம் மூன்று இருப்பதால் மிச்சம் ஏழையும் தனியாக எடுங்கள். 480 ரூபாவில் 15 வீதம் போக ஒன்று 408, ஏழுக்கும் 2,856 ரூபா. பொதியாக எடுத்தால் 744 ரூபா கூடக் கொடுத்து, இருக்கிற மூன்றையே திரும்ப வாங்கியதாகிவிடும்.

அடுத்தது, எதை இரண்டு எடுப்பது என்பது. இதைத் தரத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், வாசிப்பை வைத்துத் தீர்மானியுங்கள். தரம் 4 இல் இருந்தும் எழுத்துக்கூட்டியே வாசிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் 48 பக்கப் புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தோடு மூடி வைத்துவிடும். சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகத்தைக் கொடுத்தால் மற்றவர்கள் முன்னால் வெட்கப்படும். இதற்காகவே எங்கள் புத்தக அட்டையில் தரம் அச்சிடுவதில்லை. பின்னட்டையில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும்: முன்பள்ளிக்கு மஞ்சள், எழுத்துக்கூட்டுபவர்களுக்குப் பச்சை, சரளத்துக்குச் சிவப்பு. பச்சைப் பொதியின் கதைகளில் வருவோர் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள். அதனால் பெரிய பிள்ளையும் கூச்சமில்லாமல் எடுக்கலாம்.

யார் எந்த நிறம் என்று பார்க்க ஒரு பின்னேரம் போதும். பாடப் புத்தகம் வேண்டாம், அது பாடமாகியிருக்கும். பிள்ளை முன்பு பார்த்திராத ஒரு கதையில் ஏறக்குறைய ஐம்பது சொல் உள்ள பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் தடக்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குப் பாரம். எங்கே தடக்குகிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் கெ, கே, கை போலக் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும் இடத்திலும், கொ, கோ போல இரண்டு பக்கமும் நிற்கும் இடத்திலும்தான். கண் இடமிருந்து வலமாகப் போகும்போது குறியை முதலில் கண்டு, எழுத்தைப் பிறகு கண்டு, ஒலியை மாற்றிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பச்சைப் பொதியின் முதல் நான்கு புத்தகங்களில் இரண்டு பக்கக் குறி வராது, ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றாக வரும். ஆகவே பின்னட்டையில் உள்ள வரிசை எண்ணின்படி கொடுங்கள். வரிசையைக் குழப்பினால் அந்தப் பொதியின் பயனில் பாதி போய்விடும்.

இப்படிப் பார்த்தால் உங்கள் 26 பேரில் ஏழு பேர் மஞ்சள், பன்னிரண்டு பேர் பச்சை, ஏழு பேர் சிவப்பு என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு எடுக்க வேண்டியது பச்சைப் பொதியைத்தான். எழுத்துக்கூட்டும் பிள்ளை ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தே சரளமாகிறது. ஒரு பிரதி மூலையில் நிற்க, மற்றது வீட்டுக்குப் போகலாம். மஞ்சளில் ஒன்று போதும், ஏனென்றால் அதைப் பெரியவர் ஒருவரே எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். ஆனால் பாயில் ஏழு பிள்ளைகள் இருந்தால் கடைசிப் பிள்ளைக்குச் சின்னப் புத்தகத்தின் படம் தெரியாது. அதற்குப் பெரிய அளவுப் படப் புத்தகம் இரண்டு எடுங்கள். ஒன்றின் விலை 1,200, கழிவு போக 1,020 ரூபா.

கணக்கு இப்படி வரும்: மஞ்சள் ஒன்று 2,100, பச்சை இரண்டு 6,300, சிவப்பில் தனிப் புத்தகம் ஏழு 2,856, பெரிய படப் புத்தகம் இரண்டு 2,040. மொத்தம் 13,296 ரூபா. கையில் 1,704 மிஞ்சும். அந்தக் காசுக்கு இன்னும் புத்தகம் வாங்க வேண்டாம் என்பது எங்கள் கண்டிப்பான ஆலோசனை. உறை போட ஒளி ஊடுருவும் பொலித்தீன், இரவல் எழுத ஒரு கொப்பி, பஸ் கூலி எல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும். பசையோடு வரும் ஒட்டு உறையைத் தவிருங்கள். மாரி ஈரத்தில் அது கொப்பளித்து எழும்பும், பிரிக்கப் போனால் அட்டையின் மேற்றாளும் சேர்ந்து உரியும். மடித்துப் போடும் பொலித்தீன் உறை கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

புத்தகம் வந்ததும் ஒவ்வொன்றையும் நடுப்பக்கத்தில் விரியுங்கள். எங்கள் சிறுவர் நூல்கள் நடுவில் இரண்டு கம்பி அடித்தவை. கம்பியின் நுனி மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தால் பிள்ளையின் விரலைக் கீறும். கரண்டியின் பின்புறத்தால் அழுத்திவிட்டால் சரி. பிறகு பக்க எண்களைப் பாருங்கள். கம்பி அடித்த புத்தகத்தில் ஒரு தாள் விடுபட்டால் இரண்டு இடத்தில் பக்கம் குறையும். 24 பக்கப் புத்தகத்தில் 5, 6 இல்லாவிட்டால் 19, 20 உம் இருக்காது. அப்படி வந்தால் அந்த இரண்டு இடத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், மாற்றுப் பிரதி தருவோம். வாசித்துப் பழுதானதை மாற்ற முடியாது.

ஓர்டர் தரும்போது நிறத்தையும் எண்ணிக்கையையும் எழுதி, உங்களிடம் இருக்கும் மூன்று புத்தகங்களின் பெயரையும் கட்டாயம் குறிப்பிடுங்கள், அவற்றை விலக்கித்தான் மிச்சத்தைக் கட்டுவோம். பொதியை மல்லாவி போகும் பஸ்ஸில் போட்டுவிடலாம், இறக்கி எடுக்க ஒருவர் நிற்க வேண்டும். கழிவு ஒக்டோபர் கடைசி வரை இருந்தாலும் செப்டெம்பருக்குள் எடுப்பது நல்லது. ஒக்டோபர் நடுவில் மழை தொடங்கிவிட்டால் என்னதான் பொலித்தீனில் சுற்றினாலும் பஸ் தட்டில் வரும் பொதியின் மூலைகள் நனைகின்றன.