‘ஸ்டாக் இல்லை’ என்றவருக்கு என்ன பதில் எழுதுவது?

கையால் செராமிக் கப் செய்து, படம் போட்டு விற்பவரிடம் ஒன்று கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார். மறுபடி செய்யச் சொன்னால் தொந்தரவாகுமா?

ஆகாது. எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் போட்ட படத்தையே தட்டி ரிப்ளை செய்யுங்கள். ‘அந்த நீலக் கப்’ என்றால் அவரிடம் நாலு நீலம் இருக்கும்.

‘எப்போ வரும்?’ என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. திமிரா?

திமிர் இல்லை, உங்கள் கேள்விதான் கோளாறு. தனி ஆளாகச் செய்பவருக்கு ‘எப்போ வரும்’ என்பது தேதி கேட்டு நிற்கும் கடன்காரன் மாதிரி. வனைந்த கப் காய ஒரு வாரம் போல ஆகும். பிறகு சூளையில் ஒரு சூடு, பளபளப்பான மேற்பூச்சான கிளேஸ் பூசி இன்னொரு சூடு. இரண்டு கப்புக்காக யாரும் சூளையைப் பற்றவைப்பதில்லை, அது நிறையும்வரை காத்திருப்பார்கள். தேதி அவருக்கே தெரியாது. தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ளவும் மனம் வராது, அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார்.

அவருக்கு வேண்டியது வேறு. எத்தனை பேர் கேட்கிறார்கள், அதில் எத்தனை பேர் நிஜமாக வாங்குவார்கள் என்ற கணக்கு. இருபது பேர் ‘வேணும், வேணும்’ என்பார்கள், செய்து வைத்தால் மூன்று பேர் வருவார்கள், மீதி அலமாரியில் முடங்கும். அந்த அனுபவம் உள்ளவர் உங்கள் ‘வேணும்’-ஐ எப்படி நம்புவார்? எண்ணிக்கை, காத்திருக்கும் காலம், மாற்று, இந்த மூன்றையும் எழுதுங்கள். இப்படி:

“இந்தப் படத்தில் உள்ள கைப்பிடி இல்லாத நீலக் கப் எனக்கு 2 வேண்டும். அவசரமில்லை, இரண்டு மாதம் ஆனாலும் சரி. இதே அளவில் பச்சை வந்தாலும் எடுத்துக்கொள்வேன். மறுபடி செய்யும் எண்ணம் இல்லையென்றால் பரவாயில்லை. செய்தால் ஒரு வரி தெரிவியுங்கள்.”

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். ‘இல்லை’ சொல்ல வழி விட்டால்தான் ஆள் பதில் போடுவார். அனுப்பியபின் ஒரு மாதம் பேசாமலிருங்கள். அப்புறம் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

முன்பணம் தருகிறேன் என்று சொல்லலாமா?

அவர் கேட்டால் தரலாம். நீங்களாகப் பணத்தை அனுப்பிவிட்டால் அதுதான் நெருக்கடி. செய்தாக வேண்டும், இல்லையேல் திருப்ப வேண்டும் என்று ஆகிவிடும்.

‘ஐம்பது வாங்குகிறேன்’ என்று சொன்னால் சீக்கிரம் செய்வார்களே?

செய்வார்கள். ஐம்பதையும் வாங்குவீர்களா? இரண்டுதான் வேண்டுமென்றால் இரண்டு என்றே எழுதுங்கள்.

‘நண்பர்களிடமும் சொல்கிறேன்’ என்று சேர்க்கலாமா?

வேண்டாம். நிஜமாக வாங்குவது எத்தனை பேர் என்பதுதான் அவர் கணக்கு, அதனால் உங்கள் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

மறுபடி வந்துவிட்டது, ஆனால் எனக்கு இப்போது வேண்டாம்.

அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்களுக்கென்று எடுத்து வைத்த இரண்டை அவர் அடுத்தவருக்குக் கொடுக்கட்டும்.