ஒன்றாம் தேதி தானாக ஓடும் பில்லும், 11ஆம் தேதி மாறும் பிளானும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் கணினி, கேமரா பராமரிப்பு செய்கிறோம். மாதச் சந்தாக்காரர்கள் 32 பேர். மாதாமாதம் கையால் பில் போடுவதில் இரண்டு மூன்று பேர் விட்டுப்போகிறார்கள். தானாகவே பில் போகும்படி வைக்கலாம் என்று பார்த்தால், பாதி மாதத்தில் பிளானை மாற்றுகிறவர்களை என்ன செய்வது என்று புரியவில்லை. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. எப்படிச் செய்வது?

பதில்: இதில் தொடர் பில்லை அமைப்பது அரை மணி நேர வேலை. சிக்கல் முழுக்க நடுவில் வரும் மாற்றத்தில்தான். அதனால் முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஜோஹோ புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள்களில் Recurring Invoices என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அச்சு செய்து வைக்கிறீர்கள்: யாருக்கு, எந்த சேவை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதியில் தொடக்கம். அந்தத் தேதி வந்ததும் அச்சிலிருந்து ஒரு பில் விழும். 32 பேருக்கும் ஒன்றாம் தேதியையே வையுங்கள். 17ஆம் தேதி சேர்ந்தவருக்கு 17, 31ஆம் தேதி சேர்ந்தவருக்கு 31 என்று விட்டால், பிப்ரவரியில் அந்த 31 எங்கே போகும் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நடுவில் சேர்கிறவருக்கு அந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்கு மட்டும் கையால் ஒரு பில், அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து தொடர் பில். அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதம் பில்கள் நேராக வாடிக்கையாளருக்குப் போகாமல் டிராஃப்டாக நிற்கும்படி வையுங்கள். 32 டிராஃப்டையும் திறந்து பார்த்து அனுப்ப ஒரு காபி நேரம் போதும். அப்படிப் பார்க்கும்போது மாநிலத்தைக் கவனியுங்கள். உங்களுக்கு ஓசூரிலும் வாடிக்கையாளர் யாராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டினால் ஓசூர், ஆனால் அது தமிழ்நாடு. ஜிஎஸ்டி பதிவுள்ள ஓசூர் கடைக்கு 18% ஐஜிஎஸ்டி; ஜெயநகர் கிளினிக்குக்கு 9% சிஜிஎஸ்டி, 9% எஸ்ஜிஎஸ்டி. ஜெயநகர் அச்சை நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி ஓசூர்க்காரருக்கு வைத்துவிட்டால், தப்பு ஒருமுறையோடு நிற்காது. மாதாமாதம் அச்சுக் குலையாமல் விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் சரியான தலைப்பில் வரியைத் திரும்பக் கட்டி, தப்பாகக் கட்டியதை ரீஃபண்டாகக் கேட்க வேண்டும்.

இனி பிளான் மாற்றத்துக்கு வருவோம். இதில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்: அனுப்பிவிட்ட பில்லைத் தொடாதீர்கள், நடு மாதத்துக் கணக்கைத் தொடர் அச்சுக்குள் நுழைக்காதீர்கள். அச்சு என்பது வரப்போகும் ஒன்றாம் தேதிகளுக்கு மட்டும். நடு மாதத்தில் நடந்ததற்குத் தனிச் சீட்டு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு கிளினிக் மாதம் 6,000 ரூபாய் பிளானில் இருக்கிறது. செப்டம்பர் 1ஆம் தேதி 6,000, அதற்கு 1,080 ஜிஎஸ்டி, மொத்தம் 7,080க்கு பில் போய்விட்டது. 11ஆம் தேதி காலையில் டாக்டர் கூப்பிட்டு, இரண்டாவது மாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். புதிய பிளான் 9,000. மாறிய நாளையும் புதிய பிளானில் சேர்த்தால் மிச்சம் 20 நாள். இரண்டு பிளானுக்கும் வித்தியாசம் 3,000. அதில் 30க்கு 20 பங்கு 2,000. ஜிஎஸ்டி 360. ஆக 2,360 ரூபாய்க்கு 11ஆம் தேதியிட்டுத் தனியாக ஒரு பில். விவரத்தில் ‘செப்டம்பர் 11 முதல் 30 வரை கூடுதல் சேவை’ என்று எழுதி, 1ஆம் தேதி பில்லின் எண்ணையும் குறிப்பிடுங்கள். அடுத்து அச்சைத் திறந்து 6,000ஐ 9,000 ஆக்குங்கள். அச்சில் செய்யும் திருத்தம் இனி வரும் பில்களுக்குத்தான் பொருந்தும். பழையது அப்படியே இருக்கும். அக்டோபர் 1ஆம் தேதி 10,620க்கு பில் தானாகப் போகும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு தடவையும் மனதில் போட வேண்டாம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ A2ல் பழைய தொகை, B2ல் புதிய தொகை, E2ல் மாறிய தேதி வைத்தால் போதும்:

```
C2: =DAY(EOMONTH(E2,0))
D2: =EOMONTH(E2,0)-E2+1
F2: =ROUND((B2-A2)*D2/C2,2)
```

C2 அந்த மாதத்தின் நாட்கள், D2 மிச்ச நாட்கள், F2 ஜிஎஸ்டிக்கு முந்தைய வித்தியாசம். D2ல் எண்ணுக்குப் பதில் தேதி மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றிவிடுங்கள். மாறிய நாள் எந்தப் பிளானில் சேரும், மாதத்துக்கு எப்போதும் 30 நாளா அல்லது நாட்காட்டி நாட்களா, இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். சண்டை வந்தால் இந்த ஒரு நாளுக்குத்தான் வரும்.

செப்டம்பர் விற்பனையை ஜிஎஸ்டிஆர்-1ல் காட்ட அக்டோபர் 11 வரை நேரம் இருக்கிறதே, 1ஆம் தேதி பில்லையே திறந்து 8,000 ஆக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள். 7,080 என்ற பிடிஎஃப் அவர்கள் கணக்காளரின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் போர்ட்டலில் ஏற்றும் தொகை வேறாக இருந்தால், அவர்கள் உள்ளீட்டு வரி எடுக்கும்போது பொருந்தாது. ஒரே எண்ணில் இரண்டு பில் சுற்றுவதைவிடத் தலைவலி வேறில்லை.

இன்னொரு குறுக்கு வழி, அந்த 2,000ஐ அக்டோபர் பில்லில் ஒரு வரியாகச் சேர்ப்பது. கையால் போடும் பில்லாக இருந்தால் அதில் பெரிய தவறில்லை. ஆனால் தொடர் அச்சுக்குள் சேர்த்தால், ஒருமுறைக்கான வரி ஒவ்வொரு மாதமும் விழும். நானே ஒரு வாடிக்கையாளருக்கு இப்படிச் செய்து, மூன்று மாதம் அந்த வரி கூடவே போனது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது அவருக்கு. மூன்று கிரெடிட் நோட், அதைவிட நீளமாக ஒரு மன்னிப்பு. அன்றிலிருந்து தொடர் பில்லுக்கு ஒரு வரிசை, நடு மாற்றத்துக்கு ஒரு வரிசை என்று எண்களைப் பிரித்துவிட்டேன்: `SUB/26-27/0041`, `ADJ/26-27/003` என்பது போல. ஜிஎஸ்டி விதியில் இதற்கு இடமுண்டு. ஒவ்வொரு வரிசையும் விடுபடாமல் ஓட வேண்டும், எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

பிளானைக் குறைக்கிறவர்கள் விஷயம் வேறு. கூட்டுவது உடனே, குறைப்பது அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து: இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடச் சொல்வேன். கஞ்சத்தனம் இல்லை, குறைப்பை நடுவில் செய்தால் வேலை உங்கள் பக்கத்தோடு முடிவதில்லை. பழைய வாடிக்கையாளர், மறுக்க முடியவில்லை என்றால் கிரெடிட் நோட் போட வேண்டும். 9,000 பிளானில் இருப்பவர் செப்டம்பர் 21ஆம் தேதி 6,000க்கு இறங்குகிறார் என்றால் மிச்சம் 10 நாள். திருப்ப வேண்டியது 1,000, அதற்கு 180 ஜிஎஸ்டி. மூல பில்லின் எண்ணும் தேதியும் குறித்து 1,180க்கு கிரெடிட் நோட். அவர் அந்த 180க்கு உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் அதைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் உங்கள் வரி குறையும். 2024 அக்டோபரிலிருந்து போர்ட்டலில் உள்ள இன்வாய்ஸ் மேலாண்மைப் பகுதியில் அவர் தரப்பில் கிரெடிட் நோட்டை நிராகரிக்கவும் முடியும். நிராகரித்தால் அந்த வரி உங்கள் தலையில் திரும்ப ஏறும். அதனால் அனுப்புவதற்கு முன் அவர்கள் கணக்காளருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆட்டோபே வைத்திருந்தால் இரண்டு இடத்தில் தடுக்கும். மாண்டேட் வாங்கும்போது உச்சத் தொகை ஒன்று கேட்கும். 7,080 பில்லுக்கு 7,500 என்று இறுக்கமாகப் போட்டிருந்தால் அக்டோபரில் 10,620 எடுக்க முடியாது, பில் நிலுவையில் நிற்கும். வாடிக்கையாளர் திரும்ப ஒருமுறை ஒப்புதல் தர வேண்டும். முதலிலேயே உங்கள் மேல் பிளானையும் தாங்கும் அளவுக்குக் கேளுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். இப்படிப்பட்ட சந்தாக்களில் ஓடிபி இல்லாமல் தானாக எடுக்க ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த 2,360ஐ மாண்டேட்டில் சேர்க்காமல் தனியாக யுபிஐ லிங்க் அனுப்பி வாங்குவதே சுத்தம்.

இரண்டாவது தடுக்கல் கிரெடிட் நோட் போட்டதற்கு அடுத்த மாத பில்லில். பில் உருவானதும் பணம் எடுக்கும்படி வைத்திருந்தால், 6,000 பிளானுக்கு இறங்கியவரிடமிருந்து, நீங்கள் 1,180ஐக் கழிப்பதற்கு முன்பே அக்டோபரின் முழு 7,080 போய்விடும். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் அவருடைய அச்சை டிராஃப்ட் நிலைக்கு மாற்றி, கிரெடிட்டைக் கழித்து 5,900 என்று ஆனபின் வசூலியுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அவருக்குத் தொகையோடு அறிவிப்பு போக வேண்டும் என்பதால், ஒன்றாம் தேதி காலையில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. 28ஆம் தேதி வாக்கில் ADJ வரிசையைத் திறந்து, அந்த மாதம் யார் யார் மாறினார்கள், அவரவர் அச்சு மாறியிருக்கிறதா, மாண்டேட் தாங்குமா என்று பார்த்துவிடுங்கள். 32 பேரில் மாதத்துக்கு மூன்று நான்கு பெயர்தான் இருக்கும்.