கழுத்தைத் தேய்க்காதீர்கள்

அண்ணா,
கிளிநொச்சிப் பக்கமிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 10 வயது, உயரம் 138 சென்ரிமீற்றர், நிறை 46 கிலோ. பள்ளிக்கூடத்தில் நிறை பார்த்த நாளிலிருந்து வகுப்பில் அவளை 'நாற்பத்தாறு' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். விளையாட்டுப் பாடத்துக்குப் போகமாட்டேன் என்கிறாள். கழுத்தைச் சுற்றி அழுக்கும் பிடித்திருக்கிறது, தும்பால் தேய்த்தும் போகவில்லை. இரவுச் சோற்றை நிறுத்தவா, கொள்ளுக் கஞ்சி கொடுக்கவா? எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?

தங்கச்சி,

முதலில் அந்தத் தும்பைக் கீழே வையுங்கள். அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், கூடுதலாகச் சுரக்க வேண்டி வரும்போது கழுத்து மடிப்பிலும் கமக்கட்டிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரிக் கறுக்கும். தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். குளிக்காத பிள்ளை என்று யாராவது சொன்னால் அவளுக்கு இன்னொரு பட்டப்பெயரும் சேரும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வைத்தியரிடம் கழுத்தைக் காட்டி, இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நித்திரையில் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் சொல்லுங்கள்.

கொள்ளுக் கஞ்சி விருப்பமென்றால் குடிக்கட்டும், அதில் மருந்து ஒன்றுமில்லை. இரவுச் சோற்றை நிறுத்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து அக்காவின் மகன்தான் கண்ணுக்குள் நிற்கிறான். 2009இல் செட்டிகுளம் முகாமில் அவனுக்கு இரண்டு வயது. கையைச் சுற்றி அளக்கும் நாடாவைப் போட்டார்கள், ஊட்டக்குறைவைக் காட்டும் மஞ்சளில் நின்றது. அன்றைக்கு அம்மம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. ஊர் திரும்பிய பிறகு அவர் அவனுக்குச் சோறு தீத்திய விதத்தில் அந்த மஞ்சள் நாடா இருந்தது. தட்டு வெறுமையாகும் வரை விடமாட்டார். 'பிள்ளை தேறிட்டான்' என்று அயலெல்லாம் சொன்னது. பத்து வருடம் கழித்து அதே பிள்ளையை வரிசையில் நிற்கவைத்து, தராசில் ஏற்றி, ஓர் ஆசிரியர் நிறையைச் சத்தமாக வாசித்தார். கொப்பியில் எழுதுபவர் வகுப்பின் மறுகோடியில் இருந்தாராம், அதனால் சத்தமாம். ஊரே ஊட்டி வளர்த்த உடம்பை ஊரே பார்த்துச் சிரித்தது. அதன் பிறகு அவன் குளத்தில் குளிக்கும்போது பெனியனைக் கழற்றவேயில்லை. கொஞ்ச நாளில் குளத்துக்கே போகவில்லை. அவன் உடம்பு ஓடியாடிய ஒரே இடம் அந்தக் குளம்தான். சாப்பாட்டு நேரத்தில் பசியில்லை என்பான், இரவில் குசினியில் பிஸ்கற் பெட்டி திறக்கும் சத்தம் கேட்கும். ஒரே வருடத்தில் இன்னும் கூடினான்.

வெட்கப்படுத்தினால் பிள்ளை மெலியும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும், நிறையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் நிறை கூடுதலாக ஏறியிருக்கிறது. நீங்களும் வீட்டில் 'இன்னொரு அகப்பை வேணுமோ' என்று கேட்டிருப்பீர்கள். இனிக் கேட்காதீர்கள்.

எத்தனை கிலோ குறைக்க வேண்டும்? வளர்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்வியே பிழை. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. உங்கள் மகளுக்கு அது இப்போது 24. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 10 வயதுப் பெண்பிள்ளைக்கு உடற்பருமன் கோடு 22.6. ஒரு வருடத்தில் 6 சென்ரிமீற்றர் வளர்ந்து, நிறை மட்டும் 46இலேயே நின்றால் சுட்டி 22.2. 11 வயதுக்குக் கோடும் 23.7 அளவுக்கு உயர்ந்துவிடும். ஒரு கிலோகூடக் குறையாமலே பிள்ளை கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறாள். நிறையை நிற்கவைத்தால் போதும், மிச்சத்தை உயரம் பார்த்துக்கொள்ளும். நீரிழிவோ மூச்சுப் பிரச்சினையோ இருந்தால் வைத்தியர் வேறு சொல்லக்கூடும். உயரம் வளராமல் நிறை மட்டும் ஏறினாலும் காட்டத்தான் வேண்டும்.

நிற்கவைப்பது எப்படி? அவளுக்கென்று தனிச் சாப்பாடு வைக்காதீர்கள், அது இன்னொரு தண்டனை. வீட்டில் எல்லாருடைய தேத்தண்ணியிலும் சீனியைக் குறையுங்கள், தகப்பனுடையதிலும். சோடாப் போத்தல் வீட்டுக்கு வராமலிருந்தால் யாரையும் 'குடியாதே' என்று தடுக்கத் தேவையில்லை. புலமைப்பரிசில் ரியூசன் என்று பின்னேரம் முழுவதும் கதிரையில் இருத்திவிட்டுப் பிள்ளை அசையவில்லை என்று குறைப்படுகிறோம். கிழமையில் இரண்டு பின்னேரங்களையாவது விளையாட விடுங்கள். தனியே வெட்கப்படுவாள், ஒன்றுவிட்ட சகோதரங்களோடு விடுங்கள்.

அப்புறம், வகுப்பாசிரியரைத் தனியே சந்தியுங்கள். சண்டைக்குப் போகவேண்டாம், ஆனால் 'நாற்பத்தாறு' என்ற பெயர் அந்த வகுப்பில் இனிக் கேட்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த முறை நிறை பார்க்கும்போது திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணை ஒரு துண்டில் எழுதி, மடித்து, உங்களிடம் தரட்டும்.