ஹீட்டரில் கருகல் வாடையும், தானாக நிற்பதும்

"அண்ணா, லெஸ்டர்ல ஒரு ஷேரிங் வீட்ல இருக்கேன். ரூம்ல ஏற்கெனவே கிடந்த ஃபேன் ஹீட்டரைப் போட்டா ஏதோ கருகுற வாடை வருது, பத்து நிமிஷத்துல தானா நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடுது. தொடர்ந்து போடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் தம்பி, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். அது நிற்கும்போது வீட்டில் மற்ற லைட், பிளக் எல்லாம் வேலை செய்கிறதா என்று முதலில் சொல்லுங்கள். ஹீட்டர் மட்டும் நின்றால் உள்ளே சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், அது பெரும்பாலும் தூசி விவகாரம். மீட்டர் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸில் சுவிட்ச் கீழே விழுகிறது என்றால் அது வேறு கதை, அந்த ஹீட்டரை இனி தொடவே வேண்டாம்.

உங்களுடையது ஆறியதும் ஓடுகிறது என்பதால் முதல் வகை என்றே நினைக்கிறேன். உள்ளே கம்பிச்சுருள், அதன் பின்னால் ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான். சுருள் பெரும்பாலும் 2000 வாட் வரை எடுக்கும், அந்தச் சூட்டை ஃபேன் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் எல்லாம் சரியாக இருக்கும். காற்று குறைந்தால் சூடு உள்ளேயே தங்கும், அப்போது ஒரு பாதுகாப்பு சுவிட்ச் கரன்ட்டை வெட்டிவிடும். ஆகவே அது நிற்பது கோளாறு இல்லை, கோளாறைக் காட்டிக்கொடுக்கிற வேலை.

நான் இங்கிலாந்து வந்த புதிதில், லண்டன் ஈஸ்ட் ஹாமில், எனக்கும் இதே கதைதான். கட்டிலுக்குப் பக்கத்தில் கார்பெட் மேலேயே ஹீட்டரை வைத்திருந்தேன். நம்மூரில் சிமென்ட் தரையும் டைல்ஸும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கார்பெட் இவ்வளவு பஞ்சு உதிர்க்கும் என்று எப்படித் தெரியும்? ஒருநாள் டார்ச் அடித்துப் பின்பக்கக் கம்பிவலையைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கிறது. ஃபேன் தண்டில் தலைமுடி நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு ஃபேன் சோம்பலாகச் சுழன்றது, சுருளின் ஒரு ஓரம் மட்டும் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. அந்த இடத்துக்குக் காற்றே போகவில்லை, அங்கே ஒட்டிய தூசிதான் கருகியது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். வேக்குவம் கிளீனரின் பிரஷ் முனையை முதலில் பின்வலையிலும், பிறகு முன்பக்கத்திலும் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே ஒட்டியிருப்பதை உலர்ந்த பெயின்ட் பிரஷால் வலை வழியாகத் தட்டிவிட்டு மறுபடி உறிஞ்சலாம், சுருளை மட்டும் குத்தி இழுக்காதீர்கள். ஈரத்துணி கூடாது. கடையில் விற்கும் காற்று ஸ்பிரே டப்பாவும் வேண்டாம், பலவற்றில் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. திருகைக் கழற்றி உள்ளே கைவைப்பதும் உங்கள் வேலை இல்லை.

அப்புறம் சோதனை. சூடு இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடுகிற நிலை உங்கள் மாடலில் இருந்தால் அதில் போட்டு, முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். நன்றாகப் பறந்தால் சரி. நெளிந்து தொங்கினாலோ, ஃபேன் கரகரவென்று திணறினாலோ மோட்டார் போய்விட்டது, சூட்டில் போடவே கூடாது. தேறினால் சூட்டில் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். முதல் சில நிமிடம் மிச்சத் தூசி வாடை வரும், பிறகு போய்விட வேண்டும். சில ஹீட்டர்கள் ஒருமுறை வெட்டிக்கொண்டால் பிளக்கைக் கழற்றி ஆறவிடாமல் திரும்ப வராது. எனக்கு இது தெரியாமல் பொத்தானை அமுக்கி அமுக்கி, செத்துவிட்டது என்று குப்பையில் போடப் பார்த்தேன்!

வாடையின் தரத்தையும் கவனியுங்கள். தூசி கருகினால் முடி பொசுங்கிய வாடை. பிளாஸ்டிக் உருகும் வாடையோ, கெட்ட மீன் வாடையோ வந்தால் தூசியைக் குறை சொல்லாதீர்கள். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கைபொறுக்காத சூடோ ஊசிகளைச் சுற்றிப் பழுப்போ இருந்தால் ஹீட்டரையும் அந்தச் சாக்கெட்டையும் விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியிருந்தால் அதுவும் தப்பு, நேராகச் சுவரில்தான் செருக வேண்டும்.

சுத்தம் செய்தும் மறுபடி நின்றால் விட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் கொடுத்த பொருள் என்றால் போட்டோ எடுத்து மெசேஜில் எழுதி அனுப்புங்கள், வாயால் சொன்னது காற்றோடு போகும். இல்லையென்றால் புதிதே வாங்கிவிடலாம், சாதாரண ஃபேன் ஹீட்டர் அப்படியொன்றும் விலை இல்லை, அதற்கு ரிப்பேர்காரரைத் தேடுவதுதான் செலவு. புதிதையும் கார்பெட் மேல் வைக்காமல் ஒரு டைல்ஸ் துண்டோ பலகையோ போட்டு அதன்மேல், சுற்றிலும் ஒரு மீட்டர் இடம் விட்டு வையுங்கள். துணி காயப்போடுகிற ஸ்டாண்டை அதன் முன்னால் நகர்த்தத் தோன்றும், எல்லாருக்கும் தோன்றும், அதை மட்டும் செய்யாதீர்கள்.