நாளைக்கு காலேஜ் ஃபங்ஷன், இன்னைக்கு நைட்டே ஹாஸ்டல்ல வார்டனுக்கு தெரியாம நானும் ஃப்ரெண்டும் ஹேர் கலர் பண்ணிக்கலாமா?

இன்னைக்கு நைட்னா டை வேணாம். ஃபேன்சி ஸ்டோர்ல கலர் முடியை கிளிப்போட விப்பாங்க, அதை வாங்கி ரெண்டு பேரும் குத்திக்கிட்டு போங்க. ஏன்னா டை பாக்கெட்ல பாரா ஃபெனிலின் டையமின்னு ஒண்ணு இருக்கும், சிலருக்கு அது ஒத்துக்காது, ஒத்துக்காதது அன்னைக்கே தெரியவும் தெரியாது, பெரும்பாலும் மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோதான் நெத்தி தடிச்சு கண்ணு வீங்கும். அதுக்குத்தான் காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருன்னு பாக்கெட்லயே போட்டிருக்கான். உங்ககிட்ட ஒரு ராத்திரிதான் இருக்கு.

"நான் வருஷக்கணக்கா போடறேன் எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது கீழ வந்து சொல்வீங்க, தெரியும். இத்தனை நாள் ஒத்துக்கிட்டது திடீர்னு ஒருநாள் ஒத்துக்காமப் போறதும் உண்டுங்க. எங்க சித்தி கரூர்ல பார்லர் வெச்சிருக்காங்க, லீவுக்கெல்லாம் நான் அங்கதான் கிண்ணம் கழுவிக்கிட்டு இருப்பேன், அதனால சும்மா அடிச்சு விடலை.

சரி எங்க கதைக்கு வரேன். திருச்சில ஹாஸ்டல், ஹாஸ்டல் டேக்கு முந்தின நாள். என் ரூம்மேட் கவிக்கு முன்னாடி முடியில மட்டும் ரெண்டு பட்டையா கலர் வேணும், குரூப் டான்ஸ்ல ஃபர்ஸ்ட் ரோ. என்.எஸ்.பி ரோட்ல போய் ஹேர் ப்ளீச் பவுடரும் அதுல கலக்கற டெவலப்பரும் வாங்கிட்டு வந்தாச்சு. (பாத்ரூம் கழுவுற ப்ளீச்சிங் பவுடர் இல்லம்மா, அது வேற. மூஞ்சிக்கு போடற ப்ளீச்சும் வேற. கேட்டவங்க இருக்காங்க, அதான் சொல்றேன்.) நான் டெவலப்பர்ல 20 வால்யூம் கேளுடின்னு படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினேன், அதுல பெராக்சைடு 6 சதவீதம். கடைக்காரர் "இது சீக்கிரம் பிடிக்கும்மா"ன்னு 40 வால்யூம் குடுத்திருக்கார், அது 12 சதவீதம், இவளும் வாங்கிட்டு வந்துட்டா.

வார்டன் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம்னு பேச்சு. நான் நாலு பக்கெட் தண்ணி புடிச்சு வெச்சுட்டு (பத்து மணிக்கு மேல எங்க பிளாக்ல மோட்டார் போட மாட்டாங்க) கீழ டான்ஸ் காஸ்ட்யூம் அயர்ன் பண்ண போனேன். திரும்பி வந்தா மேடம் பாத்ரூம்ல, மெஸ் டம்ளர்ல கலக்கி, முடி வேர்லேர்ந்து அப்பி, மேல கேரி பேக்கை சுத்தி உக்காந்திருக்கா. "நீ வர லேட் ஆகும்னு நானே போட்டுட்டேன்டி"ன்னு சிரிப்பு வேற.

இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறது. தலைலேர்ந்து உடம்புச் சூடு வருது இல்லையா, அதனால வேர் பக்கம் ப்ளீச் வேகமா வேலை செய்யும், கீழ போகப் போக மெதுவாத்தான் பிடிக்கும். அதனால பார்லர்ல முதல்ல வேர்லேர்ந்து ஒரு இஞ்ச் தள்ளி போட்டுட்டு, அந்த முடி வெளுக்க ஆரம்பிச்சப்புறம் கடைசியாத்தான் வேருக்கு வருவாங்க. இவ பண்ணது தலைகீழ். பத்தாததுக்கு 40 வால்யூம், பத்தாததுக்கு கவர் போட்டு சூட்டை உள்ளயே பூட்டி வெச்சிருக்கா.

கவரை எடுத்து டிஷ்யூவால ஒரு பட்டையை துடைச்சு பாத்தேன். வேர்ல ரெண்டு விரக்கடை அளவுக்கு அப்படியே கனகாம்பரக் கலர், அதுக்குக் கீழ செம்பட்டை, நுனி கருப்பு. கறுத்த முடி வெளுக்கும்போது நேரா பொன்னிறம் ஆகாது, சிவப்பு, ஆரஞ்சு, அப்புறம்தான் மஞ்சள். நுனியும் வெளுக்கட்டும்னு காத்திருந்தா வேர் மஞ்சளாகி முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துடும். எரியுதாடின்னு கேட்டா "லேசா"ங்கறா, பாத்தா தலைத்தோல் செவந்து கிடக்கு. குறுகுறுன்னு இருந்தா பரவால்ல, எரிஞ்சா நிறம் வந்துச்சோ வரலையோ கழுவிடணும். அவ வேணாம் வேணாம்னு கத்த கத்த பச்சைத் தண்ணிய ஊத்தி, விரல்ல வழுவழுப்பு போற வரைக்கும் அலசினேன், மூணு பக்கெட் காலி. வாசனை காரிடார் வரைக்கும் போயிடுச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு நான் பினாயில் ஊத்தி தரையைத் துடைச்சேன்.

"கருப்பு டை அடிச்சு மறைச்சுடுடி"ன்னு அழுதா. முடியாதுன்னுட்டேன். செவந்து போன தோல் மேல அந்த பாக்கெட் டையை வைக்கவே கூடாது, சித்தி இருந்திருந்தா என் கையிலயே அடிச்சிருப்பாங்க. எங்க அதிர்ஷ்டம், மேல் மாடியில ஒரு பி.ஜி அக்காகிட்ட மெரூன் கலர் ட்யூப் பாதி இருந்துச்சு, டெவலப்பர் கலக்கவே தேவையில்லாத டைப், முடி மேல சாயமா ஒட்டிக்கும், தலைக்குக் குளிக்க குளிக்க போயிடும். கருப்பு முடியில அது சுத்தமா தெரியாது, வெளுத்த இடத்துலதான் பிடிக்கும். அதனால ஆரஞ்சு மேல மெரூன் ஏறுச்சு, செம்பட்டை மேல கொஞ்சம் ஏறுச்சு, நுனி கருப்பாவே நின்னுச்சு. தோல்ல படாம பழைய டூத் பிரஷ்ல ஒவ்வொரு இழையா இழுத்தேன். காய வெச்சு பாத்தா, மேலேர்ந்து கீழ கலர் கறுத்துக்கிட்டே போற மாதிரி, வேணும்னே பண்ண ஸ்டைல் மாதிரி வந்துடுச்சு. இதை நான் பெருமையாத்தான் சொல்லிக்குவேன், யார் என்ன சொன்னாலும். பார்லர் அக்காங்க யாராவது படிச்சா சண்டைக்கு வராதீங்க, ராத்திரி ஒரு மணிக்கு அதுக்கு மேல என்ன பண்றது.

காலைல வார்டன் பாத்துட்டு "என்னடி மருதாணியா?"ன்னாங்க. "ஆமா மேம், முடி கொட்டுது"ன்னா கவி. அவங்க நெத்தி ஓரத்துலயே கருப்பு டை கறை காயாம இருந்துச்சு, அவங்களுக்கு எந்த ரூலும் கிடையாது.

ரூல்னு சொன்னதும் ஞாபகம் வருது, அந்த ஹாஸ்டல் டே சாப்பாடு இருக்கே, சீஃப் கெஸ்ட்லேர்ந்து ஆபீஸ் ஸ்டாஃப் வரைக்கும் வந்து பிரியாணி சாப்பிட்டாங்க, மாசக் கடைசியில பாத்தா, மெஸ் செலவை எல்லாருக்கும் வகுத்துப் போடற டிவைடிங் சிஸ்டம்ல மொத்தமும் எங்க தலையில. ஊருக்கு போயிருந்த பிள்ளைகளுக்கும் சேத்துத்தான். கேட்டா "எல்லாருக்கும் ஒரே ரேட்மா". இதைப் பத்தி யாராவது தனியா கேள்வி கேளுங்க, பதில் எழுத நிறைய வெச்சிருக்கேன்.

டான்ஸ் நல்லாத்தான் போச்சு. ஆனா அந்த டைப் சாயம் வேர்வையில கரையும்னு அவகிட்ட சொல்லியிருந்தேன், வெள்ளை பக்கம் போகாதன்னேன். காஸ்ட்யூமே கேரளா செட்டு புடவை, என்ன பண்றது. ரெண்டாவது பாட்டு முடியறப்ப தோள்பட்டைல மெரூன் கோடு இறங்கிடுச்சு. பிளவுஸ் எங்க அக்காவோடது. கவி புதுசு தச்சுத் தரேன்னு சொன்னா, இப்ப அவளுக்கு கல்யாணமே ஆயிடுச்சு, பிளவுஸ் இன்னும் வரலை.