துணிக்கடை வேலைக்கு 16 வயசுப் பையன்: என்ன பார்க்கணும்?

கேள்வி: எங்க துணிக்கடைக்கு 16 வயசுப் பையனைச் சேர்க்கலாமா? ஆதார் போதுமா, தனி அனுமதி வாங்கணுமா?

சேர்க்கலாம். 14 முடிந்த, 18 ஆகாத பிள்ளைகளுக்கு அபாயகரமான வேலைகள்தான் தடை. துணிக்கடை அதில் வராது. முன் அனுமதி தேவையில்லை. ஆனால் சேர்த்த 30 நாளுக்குள் தொழிலாளர் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வயதுக்கு, பிறப்புச் சான்றிதழையோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையோ அசலில் பார்த்து நகல் எடுத்து வையுங்கள். ஆதாரை மட்டும் நம்ப வேண்டாம். சில பழைய அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும். ஜனவரியா டிசம்பரா என்று தெரியாவிட்டால் 13-ம் 14-ம் குழம்பிவிடும். பிறந்த தேதிக்கு ஆதார் உறுதியான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் 2024-ல் சொல்லியிருக்கிறது. வேறு எந்தச் சான்றும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அதுவும் தோராயம்தான்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது வயதில் அல்ல, நேரத்தில். இடைவேளையும் காத்திருக்கும் நேரமும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான். தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு. காலை 10 முதல் 1, பிறகு 2 முதல் 4 என்றால் சரி. இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது. தீபாவளி நெரிசலுக்கும் விலக்கில்லை, ஓவர்டைமும் கிடையாது. வாரம் ஒரு முழுநாள் விடுமுறை.

பிறந்த தேதி, வேலை நேரம், இடைவேளை, வேலையின் தன்மை நான்கையும் பதிவேட்டில் எழுதி கடையிலேயே வையுங்கள். ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.